விடுப்பு முடிந்தும் ஆள் வரவில்லை: சம்பளப் பிடித்தமா, சார்ஜ் மெமோவா?

ஓசூர் ஹெச்ஆர் (மார்ச் 26, வியாழன்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கம்பெனியில் 340 தொழிலாளர்கள் இருக்கிறார்கள், வாகன உதிரிபாக வேலை. வேலை விதிகளைச் சொல்லும், சான்று பெற்ற நிலையாணை இருக்கிறது. ஒரு விஷயத்தில் முடிவெடுக்க முடியாமல் இருக்கிறேன்.

சிஎன்சி ஆபரேட்டர் ஒருவர், எட்டு வருட சர்வீஸ். தங்கை கல்யாணத்துக்காக மார்ச் 2 முதல் 7 வரை ஆறு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தார், பிளான்ட் ஹெட் கையெழுத்துப் போட்டார். 9ஆம் தேதி திங்கள்கிழமை முதல் ஷிப்டுக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை. 8ஆம் தேதி ராத்திரி ஷிப்ட் சூப்பர்வைசருக்கு வாட்ஸப்பில் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார்: "அப்பாவுக்கு முடியல சார், ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம், இன்னும் ஒரு வாரம் ஆகும்." சூப்பர்வைசர் கட்டைவிரல் உயர்த்திய படம் ஒன்றைப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். 16ஆம் தேதியும் வரவில்லை. அதன் பிறகு போன் அடித்தால் எடுப்பதில்லை.

மேனேஜ்மென்ட் சொல்வது: "எட்டு நாள் தாண்டிவிட்டது, வேலையை விட்டுப் போனதாக எழுதி பெயரை எடுத்துவிடு." நான் எழுதி வைத்திருக்கும் கடிதத்தின் முக்கியமான வரி இது:

"தாங்கள் 09.03 முதல் அனுமதியின்றிப் பணிக்கு வராமல் இருந்து கடும் ஒழுங்கீனம் புரிந்துள்ளீர்கள். தாங்களாகவே பணியிலிருந்து விலகிவிட்டதாகக் கருதி தங்கள் பெயர் மஸ்டர் ரோலிலிருந்து நீக்கப்படுகிறது. இது குறித்து மூன்று நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்."

இதை அனுப்பலாமா? எத்தனை நாள் வரை சம்பளமில்லா விடுப்பு, எந்த நாளிலிருந்து ஒழுங்கீனம்?

மில் சூப்பர்வைசர்

எங்கள் மில்லில் இதற்கெல்லாம் யோசிப்பதே இல்லை சார். விடுப்பு முடிந்து எட்டு நாளைக்குள் வரவில்லை என்றால் வேலை மீதான உரிமை போய்விடும் என்று நிலையாணையிலேயே இருக்கிறது. எட்டு நாள் வரை சம்பளம் பிடித்தால் போதும், ஒன்பதாவது நாள் ஆள் கணக்கிலேயே இல்லை. உங்கள் கடிதம் சரிதான். பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.

பழைய டைம்கீப்பர்

தம்பி, அந்தக் கடிதத்தைத் தயவுசெய்து இன்று அனுப்பாதீர்கள். நான் கோவை பக்கம் மில்லில் டைம் ஆபீஸில் தொடங்கி பர்சனல் மேனேஜராக ஓய்வு பெற்றவன். இதே வாசகம் உள்ள கடிதத்தால் இரண்டு வழக்குகளில் எங்கள் நிர்வாகம் தோற்றதைக் கண் முன்னால் பார்த்திருக்கிறேன். இரண்டிலும் கடிதத்தை எழுதியவன் நானேதான்.

மில் சூப்பர்வைசர் சொல்லும் எட்டு நாள் பாதிதான் சரி. மத்திய மாதிரி நிலையாணையில் விடுப்புப் பகுதியில் அப்படி ஒரு வரி உண்டு. அதை முழுதாகப் படிக்க வேண்டும். விடுப்பு முடிந்த எட்டு நாளுக்குள் திரும்பி வந்து, உடனே வர முடியாததற்கு நிர்வாகம் ஏற்கும்படியான காரணமும் சொன்னால் வேலை மீதான உரிமை போகாது. போனாலும் பதிலித் தொழிலாளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும் என்று அந்த இடத்திலேயே இருக்கிறது. "பெயரை எடு" என்று அதில் எங்கும் இல்லை.

அதற்கு மேல், 1993இல் உச்ச நீதிமன்றம் டி.கே. யாதவ் வழக்கில் இதையே எடுத்துப் பேசியது. அங்கேயும் எட்டு நாளுக்கு மேல் வராவிட்டால் தானாக வேலை போகும் என்ற நிலையாணைதான். நிர்வாகம் அதைக் காட்டிப் பெயரை நீக்கியது. தொழிலாளி, "நான் வந்தேன், கேட்டில் விடவில்லை" என்றார். அவரிடம் விளக்கம் கேட்கவில்லை, விசாரணையும் வைக்கவில்லை. நிலையாணையில் என்ன எழுதியிருந்தாலும் ஒருவரைக் கேட்காமல் அவர் பிழைப்பைப் பறிக்க முடியாது என்று சொல்லி, பாதி பின்சம்பளத்தோடு வேலையைத் திருப்பிக் கொடுத்தது நீதிமன்றம்.

உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். முதல் வரியில் குற்றவாளி என்று முடிவு கட்டிவிட்டீர்கள், இரண்டாம் வரியில் தண்டனையும் கொடுத்தாயிற்று. மூன்றாம் வரியில் கேட்கும் விளக்கத்துக்கு என்ன வேலை?

கணக்குப்பிள்ளை ஈரோடு

எனக்குச் சம்பளப் பட்டியல் போடுகிறவன் என்ற முறையில் ஒரு கேள்வி. இதையெல்லாம் முடிவு செய்வதற்குள் மாதம் முடிந்துவிடும். 31ஆம் தேதி பட்டியல் போட வேண்டும். சாஃப்ட்வேரில் வரவில்லை என்று `A` போடவா, சம்பளமில்லா விடுப்பு என்று `LOP` போடவா? எப்படிப் போட்டாலும் பிடித்தம் ஒன்றுதானே? எங்கள் இடத்தில் சொல்லாமல் போனால் ஒரு நாளுக்கு இரண்டு நாள் சம்பளம் பிடிப்பார்கள், ஒழுங்காக வருவார்கள்.

பழைய டைம்கீப்பர்

நல்ல கேள்வி. இந்த இழையின் மொத்த விஷயமே அதில்தான் இருக்கிறது.

முதலில் அந்த இரண்டு நாள் பிடித்தம். அதை நிறுத்தச் சொல்லுங்கள். வராத நாளுக்கு அந்த நாளின் சம்பளத்தை மட்டும்தான் பிடிக்கலாம். 1936ஆம் வருட சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலிருந்தே அதுதான் அளவு. பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து பேசிவைத்து, முன்னறிவிப்பும் தகுந்த காரணமும் இல்லாமல் வராமல் இருந்தால்தான் கூடுதலாகப் பிடிக்க இடமுண்டு, அதற்கும் உச்சவரம்பு உண்டு. ஒற்றை ஆளிடம் ஒன்றுக்கு இரண்டு பிடிப்பது சட்டப்படி செல்லாது.

இப்போது `A`, `LOP`. சம்பளத்தில் இரண்டும் ஒன்று, அர்த்தத்தில் இரண்டும் எதிரெதிர். ஓசூர் தம்பி "எத்தனை நாள் வரை சம்பளமில்லா விடுப்பு, எந்த நாளிலிருந்து ஒழுங்கீனம்" என்று கேட்டார். ஒரே கோட்டில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று நினைக்கிறார். அப்படி இல்லை. வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பது முதல் நாளிலிருந்தே உண்டு. அதற்கு யார் தப்பும் வேண்டாம், நோட்டீசும் வேண்டாம். ஆனால் "சம்பளமில்லா விடுப்பு" என்பது விடுப்பு. யாரோ ஓர் அதிகாரி கொடுத்தால்தான் அது விடுப்பு. கொடுத்துவிட்டால் அந்த நாட்களில் அவர் அனுமதியோடு வெளியே இருந்தவர் ஆகிவிடுகிறார். பிறகு அதே நாட்களுக்கு "அனுமதியின்றி வரவில்லை" என்று எப்படிக் குற்றம் சாட்டுவீர்கள்?

அதனால் முடிவெடுக்கும் வரை மஸ்டரில் `A` என்றே இருக்கட்டும். சம்பளம் வராது, பிடித்தமும் சரியாக இருக்கும். காரணம் தெரிந்து விடுப்பாக ஏற்ற பிறகு, ஆர்டர் நம்பர் போட்டு மாற்றுங்கள். எங்கள் மில்லில் ஒரு கிளார்க் நல்ல எண்ணத்தில் 19 நாளையும் சம்பளமில்லா விடுப்பு என்று மாற்றி, கையெழுத்தும் வாங்கிவிட்டார். உள்விசாரணையில் தொழிலாளி அந்தப் பக்கத்தின் நகலை எடுத்து வைத்தார். விசாரணை அங்கேயே படுத்துவிட்டது.

பள்ளி ஆசிரியை

ஐயா, குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் அரசுப் பள்ளி ஆசிரியை. எனக்கு நடந்ததும் இதேதான். சில வருடங்களுக்கு முன் மருத்துவ விடுப்பு முடிந்தும் 23 நாள் கழித்துத்தான் சேர முடிந்தது. அந்த 23 நாளும் ஊதியமில்லா அசாதாரண விடுப்பாக முறைப்படுத்தி ஆணை கொடுத்தார்கள். பணிப்பதிவேட்டிலும் பதிந்தார்கள். இப்போது பதவி உயர்வுப் பட்டியல் வரும் நேரத்தில் அதே 23 நாளுக்கு 17(அ) ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணை கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் சொல்வது போல அது செல்லாதா? எனக்கு எட்டு நாள் விதி பொருந்துமா?

பழைய டைம்கீப்பர்

அம்மா, நிலையாணை, எட்டு நாள் எல்லாம் தொழிற்சாலைக்கு. உங்களுக்கு அடிப்படை விதிகளும் ஒழுங்கு நடவடிக்கை விதிகளும்தான். அடிப்படை விதி 73இலேயே இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்: விடுப்பு முடிந்தும் வராத நாட்களுக்கு விடுப்புச் சம்பளம் இல்லை, வேண்டுமென்றே வராமல் இருந்தால் தவறான நடத்தையாகக் கருதலாம். "வேண்டுமென்றே" என்ற சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முறைப்படுத்திய பிறகு குற்றச்சாட்டு நிற்குமா என்பதில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகளே இரண்டு பக்கமும் இருக்கின்றன. பஞ்சாப் அரசு - பக்ஷிஷ் சிங் வழக்கில், வராத காலத்தை ஊதியமில்லா விடுப்பாக ஏற்ற பிறகு குற்றச்சாட்டு நிற்காது என்ற வாதம் எடுபட்டது. அதற்கு முன்பே 1969இல் ஹரிஹர் கோபால் வழக்கில், பணிநீக்கத்தோடு போட்ட அப்படிப்பட்ட ஆணை பணிப்பதிவேட்டைச் சரியாக வைத்துக்கொள்ள மட்டும்தான், குற்றத்தை மன்னித்ததாக ஆகாது என்றார்கள். 2003இல் மான் சிங் வழக்கில் அந்தப் பழைய வழியையே பிடித்தார்கள். ஆக, உங்கள் ஆணையில் என்ன வாசகம் இருக்கிறது, அது எப்போது போடப்பட்டது, காரணத்தை ஏற்றுத்தான் கொடுத்தார்களா என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். குறிப்பாணைக்குப் பதில் எழுதும்போது அந்த ஆணையின் நகலை முதல் இணைப்பாக வையுங்கள்.

சங்கத் தோழர்

டைம்கீப்பர் சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் நிர்வாகத்தின் பக்கத்திலிருந்தே பேசுகிறார். அந்த ஆபரேட்டர் பக்கத்திலிருந்து ஒன்று கேட்கிறேன். எட்டு வருடம் ஒழுங்காக வேலை பார்த்த ஒருவர், அப்பா ஆஸ்பத்திரியில் என்று சொல்லியிருக்கிறார், மேலாளும் கட்டைவிரல் காட்டியிருக்கிறார். இதில் ஒழுங்கீனம் எங்கே வந்தது? 2012இல் கிருஷ்ணகாந்த் பர்மார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: வராமல் இருந்தது என்பதாலேயே அது வேண்டுமென்றே செய்ததாக ஆகாது. நோய், விபத்து, ஆஸ்பத்திரி என்று மனிதனின் கையை மீறிய காரணங்கள் இருக்கலாம். வேண்டுமென்றே வரவில்லை என்பதை நிரூபிக்காமல் ஒழுங்கீனம் என்ற பேச்சே கிடையாது.

ஓசூர் ஹெச்ஆர்

ஆனால் தோழர், எங்கள் நிலையாணையில் விடுப்பு கொடுக்கும் அதிகாரம் பிளான்ட் ஹெட்டுக்கு மட்டும்தான். சூப்பர்வைசருக்கு இல்லை. கட்டைவிரல் படம் எப்படி அனுமதி ஆகும்?

இன்னொன்று. "10 நாட்களுக்கு மேல் விடுப்பின்றி வராமல் இருப்பது" ஒழுங்கீனம் என்று இருக்கிறது. 16இலிருந்து எண்ணினால் இன்றோடு வேலை நாள் சரியாகப் பத்து. நடுவில் வரும் 22ஆம் தேதி ஞாயிறைச் சேர்த்தால் பதினொன்று. எதை எண்ணுவது?

பழைய டைம்கீப்பர்

சங்கத் தோழர் சொன்ன பர்மார் தீர்ப்பு மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளின் கீழ் வந்தது. ஆனாலும் தொழிலாளர் நீதிமன்றத்தில் அதை எடுத்து வைக்காத வக்கீல் கிடையாது, அந்த நியாயம் அங்கேயும் எடுபடும். காரணம் என்னவென்று தேடாமல் குற்றம் சாட்டக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காரணத்தைச் சொல்ல வேண்டியது அவர்தான், தோழர். 16க்குப் பிறகு போனையே எடுக்கவில்லை. கேட்டும் சொல்லாவிட்டால் விசாரணையில் அது அவருக்கு எதிராகத்தான் போகும்.

கட்டைவிரலைப் பற்றி: அதிகாரம் இல்லாதவர் கொடுத்த அனுமதி, விடுப்பு அனுமதி ஆகாது. ஆனால் இதற்கு முன் உங்கள் கம்பெனியில் விடுப்பை நீட்டித்தவர்கள் எப்படி நீட்டித்தார்கள்? எல்லோரும் சூப்பர்வைசருக்கு வாட்ஸப் அனுப்பி, திரும்பி வந்து தாளில் எழுதிக் கொடுத்திருந்தால், இவர் அதை நம்பியதில் தப்பில்லை. மனதில் வைத்துக்கொள்ளுங்கள், 9 முதல் 14 வரை உள்ள ஆறு நாளைக் குற்றச்சாட்டில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் அந்த ஆறு நாளின் பலவீனம் மற்ற நாட்களையும் கெடுக்கும். 16இலிருந்து மட்டும் எண்ணுங்கள்.

ஞாயிறு விஷயத்தில் என் வழக்கம், வேலை நாளை மட்டும் எண்ணுவது. வார விடுமுறையைச் சேர்த்துத்தான் பத்தைத் தாண்டுகிறது என்றால் நீங்கள் ஓட்டைப் படகில் ஏறுகிறீர்கள். இரண்டு நாள் பொறுத்தால் வேலை நாளிலேயே பத்து தாண்டிவிடும். அந்த இரண்டு நாளில் செய்ய வேண்டிய வேலை வேறு இருக்கிறது: வேலைக்குத் திரும்பச் சொல்லும் கடிதம்.

அதில் குற்றம் என்ற சொல்லே வரக் கூடாது. இப்படி எழுதுங்கள்:

> பொருள்: விடுப்புக் காலம் முடிந்தும் பணிக்குத் திரும்பாதது - விவரம் கோருதல்.
>
> தங்களுக்கு 02.03 முதல் 07.03 வரை விடுப்பு அனுமதிக்கப்பட்டிருந்தது. 09.03 அன்று தாங்கள் பணிக்குத் திரும்பவில்லை. 08.03 அன்று தங்கள் தந்தையின் உடல்நிலை குறித்து ஷிப்ட் மேற்பார்வையாளருக்குச் செய்தி அனுப்பியிருந்தீர்கள். 16.03 முதல் தங்களிடமிருந்து எந்தத் தகவலும் இல்லை. தொலைபேசியில் தொடர்புகொள்ள முயன்றும் இயலவில்லை.
>
> இக்கடிதம் கிடைத்த 7 நாட்களுக்குள் பணிக்குத் திரும்பவும். திரும்ப இயலாத நிலை இருந்தால், அதற்கான காரணத்தையும் எந்தத் தேதியில் திரும்ப இயலும் என்பதையும் எழுத்து மூலம் தெரிவிக்கவும். மருத்துவ ஆவணங்கள் இருப்பின் நகல் இணைக்கவும்.
>
> தாங்கள் பணிக்கு வராத நாட்களுக்கு ஊதியம் வழங்கப்படாது. அந்நாட்களை எவ்வாறு கருதுவது என்பது தங்கள் பதிலைப் பரிசீலித்த பின்னரே முடிவு செய்யப்படும். அதுவரை இக்கடிதத்தில் உள்ள எதுவும் விடுப்பு அனுமதியாகக் கொள்ளப்படலாகாது.

கடைசிப் பத்திதான் இதில் முக்கியம். சம்பளம் இல்லை என்று சொல்கிறது, விடுப்பு கொடுத்ததாகவும் சொல்லவில்லை, குற்றம் என்றும் சொல்லவில்லை. இரண்டு கதவும் திறந்தே இருக்கின்றன.

கம்பெனி பதிவில் உள்ள இரண்டு விலாசத்துக்கும் அனுப்புங்கள். ஓசூரில் வாடகை வீடு பூட்டியிருந்தால் கடிதம் "கதவு பூட்டியுள்ளது" என்று திரும்பி வரும். திரும்பி வந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே ஃபைலில் வையுங்கள். பிரித்த உறைக்கு விசாரணையில் மதிப்பில்லை. பதிவுத் தபால் இப்போது ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டது, ஒப்புகை கேட்டு அனுப்புங்கள். வாட்ஸப்பிலும் போடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்.

மில் சூப்பர்வைசர்

சார், புதுச் சட்டங்கள் போன நவம்பரில் வந்துவிட்டன. நீங்கள் சொல்லும் நிலையாணை, எட்டு நாள், பத்து நாள் எல்லாம் இன்னும் செல்லுமா?

பழைய டைம்கீப்பர்

2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது உண்மைதான். அதில் நிலையாணை 300 தொழிலாளர்களும் அதற்கு மேலும் உள்ள இடங்களுக்கு. ஓசூர் தம்பியின் கம்பெனி அதற்குள் வருகிறது. ஏற்கெனவே சான்று பெற்ற நிலையாணை, புதுச் சட்டத்தோடு முரண்படாத வரை செல்லும். அதனால் கையில் இருக்கும் புத்தகத்தை வைத்தே பேசுவோம். கேட்காமல் ஆளை எடுக்க முடியாது என்பது எந்தச் சட்டம் வந்தாலும் மாறப் போவதில்லை.

சங்கத் தோழர்

இந்தக் கடிதம் நியாயமாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். இன்னொன்றையும் சேர்க்கிறேன். ஆளுக்கே உடம்பு சரியில்லாமல் இ.எஸ்.ஐ. டாக்டர் சான்று கொடுத்திருந்தால், அந்தக் காலத்தில் தண்டனை கொடுக்கவே கூடாது. இந்த ஆள் விஷயத்தில் அப்பாவுக்குத்தான் உடம்பு சரியில்லை. ஆனால் அவருக்கே இருக்கலாமே? அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஓசூர் ஹெச்ஆர்

நாளைக் காலையே அனுப்புகிறேன். ஒருவேளை ஏழு நாளிலும் பதில் வராவிட்டால் சார்ஜ் மெமோ எப்படி எழுதுவது?

பழைய டைம்கீப்பர்

அப்போது இப்படி எழுதுங்கள். தேதி வரம்பை அன்றைய நிலைமைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

> பொருள்: குற்றச்சாட்டுக் குறிப்பாணை.
>
> தாங்கள் இயந்திரப் பிரிவில் சிஎன்சி ஆபரேட்டராகப் பணிபுரிந்து வருகிறீர்கள். தங்களுக்கு 07.03 வரை விடுப்பு அனுமதிக்கப்பட்டிருந்தது. 16.03 முதல் 28.03 வரை 12 வேலை நாட்கள் தாங்கள் விடுப்பு அனுமதி பெறாமலும், காரணம் தெரிவிக்காமலும் பணிக்கு வரவில்லை எனத் தெரிய வருகிறது. பணிக்குத் திரும்புமாறும் காரணம் தெரிவிக்குமாறும் 27.03 தேதியிட்ட கடிதம் தங்கள் இரு விலாசங்களுக்கும் அனுப்பப்பட்டது. அதற்குப் பதில் வரவில்லை.
>
> மேற்கண்ட செயல் நிரூபிக்கப்பட்டால், நிறுவனத்தின் நிலையாணை பிரிவு ____ன் கீழ், 10 நாட்களுக்கு மேல் விடுப்பின்றிப் பணிக்கு வராமல் இருத்தல் என்ற ஒழுங்கீனமாகும்.
>
> தங்கள் மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு இக்குறிப்பாணை கிடைத்த 7 நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் அளிக்கவும். விளக்கம் வராவிட்டால், அல்லது வந்த விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டால், உள்விசாரணை நடத்தப்படும்.

"எனத் தெரிய வருகிறது", "நிரூபிக்கப்பட்டால்" என்ற இரண்டையும் எடுத்துவிடாதீர்கள். குற்றம் இன்னும் குற்றச்சாட்டாகத்தான் இருக்கிறது என்பதைக் காட்டுவது அந்த இரண்டும்தான். "தாங்களாகவே விலகிவிட்டீர்கள்" என்பது இதில் கூடவே கூடாது. விலகியவர் மேல் ஒழுங்கு நடவடிக்கை எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை.

முன்பும் இப்படிச் செய்திருக்கிறார் என்று தண்டனை முடிவு செய்யும்போது சொல்ல நினைத்தால், அந்தத் தேதிகளையும் முன்பு கொடுத்த எச்சரிக்கைக் கடிதத்தின் எண்ணையும் இதிலேயே சொல்லிவிடுங்கள். "வழக்கமாக வராதவர்" என்று தேதி இல்லாமல் எழுதினால் அவர் எதற்குப் பதில் சொல்வார்?

விசாரணைக்கும் வரவில்லை என்றால் அவர் இல்லாமலே நடத்தலாம். அப்படி நடத்தினாலும் டைம் ஆபீஸ் ஆளை மஸ்டரோடு கூப்பிட்டு சாட்சி சொல்ல வைக்க வேண்டும். அவர் வரவில்லை என்பதற்காகவே குற்றம் நிரூபணமாகிவிடாது.

கணக்குப்பிள்ளை ஈரோடு

எங்கள் முதலாளியிடம் அந்த ஒன்றுக்கு இரண்டு பிடித்தத்தைப் பற்றிப் பேசிவிட்டேன். இந்த மாதப் பட்டியலில் இருந்து நிறுத்தியாயிற்று. பழைய மாதங்களில் பிடித்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று கேட்கிறார்.

சங்கத் தோழர்

கொடுக்க வேண்டும். தொழிலாளி கேட்டால் வட்டியோடு கேட்பார்.

ஓசூர் ஹெச்ஆர் (ஏப்ரல் 4, சனி)

என்ன ஆனது என்று சொல்ல வந்தேன். 27ஆம் தேதி கடிதம் போனது. ஓசூர் விலாசத்துக்கு அனுப்பியது திரும்பி வந்தது, ஊர் விலாசத்தில் 30ஆம் தேதி அவரே கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். ஏப்ரல் 2ஆம் தேதி காலை ஆறு மணிக்கு ஷிப்டுக்கு வந்து நின்றார். செக்யூரிட்டி உள்ளே விடலாமா என்று போன் செய்தார். யாதவ் வழக்கு நினைவுக்கு வந்தது. "உள்ளே விடுங்கள், பஞ்ச் பண்ணட்டும்" என்றேன்.

கையில் டிஸ்சார்ஜ் சம்மரி கொண்டு வந்திருந்தார். அப்பாவுக்குப் பக்கவாதம். மார்ச் 8இல் சேர்த்து 24இல் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். போன் தண்ணீரில் விழுந்து கெட்டுவிட்டதாம். அந்தச் சம்மரியைப் படிக்கும்போது நான் எழுதி வைத்திருந்த பழைய கடிதம் மேஜை டிராயரில்தான் இருந்தது. எடுத்துக் கிழித்துப் போட்டேன்.

இப்போது சிக்கல் 24க்குப் பிறகு உள்ள நாட்கள். 25 முதல் ஏப்ரல் 1 வரை ஏழு வேலை நாள். கேட்டால், "வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அப்புறம் கல்யாணக் கடன் விஷயமாக அலைந்தேன்" என்கிறார். மொத்தம் 21 நாளையும் எப்படிப் பிரிப்பது?

பழைய டைம்கீப்பர்

மனதுக்கு நிம்மதியாக இருக்கிறது தம்பி.

9 முதல் 24 வரை 14 வேலை நாளுக்குக் காரணமும் இருக்கிறது, தாளும் இருக்கிறது. முதலில் அவரிடம் விடுப்பு விண்ணப்பம் எழுதி வாங்குங்கள். விடுப்புக் கணக்கில் ஈட்டிய விடுப்பு மிச்சம் இருந்தால், அவர் கேட்டால் அதில் கழிக்கலாமா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இப்படி ஆணை போடுங்கள்:

> பொருள்: ஊதியமில்லா விடுப்பு அனுமதித்தல்.
>
> தங்கள் 02.04 தேதியிட்ட விண்ணப்பமும், அதனுடன் இணைத்த தங்கள் தந்தையின் மருத்துவமனை ஆவணமும் பரிசீலிக்கப்பட்டன. அதில் கூறப்பட்ட காரணம் ஏற்கப்படுகிறது. 09.03 முதல் 24.03 வரையிலான 14 வேலை நாட்கள் ஊதியமில்லா விடுப்பாக அனுமதிக்கப்படுகின்றன. இந்நாட்களைப் பொறுத்து வேறு நடவடிக்கை ஏதும் இல்லை.
>
> 25.03 முதல் 01.04 வரையிலான 7 வேலை நாட்கள் இந்த ஆணையில் அடங்கா. அவை குறித்துத் தனியே முடிவு செய்யப்படும்.

ஏற்பதை முழுதாக ஏற்றுவிடுங்கள். "ஏற்கப்படுகிறது, ஆனாலும் நடவடிக்கை எடுக்கும் உரிமை உண்டு" என்று இரண்டையும் ஒரே நாட்களுக்கு எழுதினால் ஆணையும் குழம்பும், அவர் மனதும் குழம்பும். அந்த ஏழு நாள் பத்தைத் தாண்டவில்லை, "10 நாட்களுக்கு மேல்" என்ற பிரிவில் வராது. விளக்கம் எழுதி வாங்கி, திருப்தி இல்லாவிட்டால் ஒரு எச்சரிக்கைக் கடிதம், சம்பளம் கிடையாது, அதோடு விட்டுவிடுவேன்.

சங்கத் தோழர்

இங்கேதான் எனக்கு ஒப்புதல் இல்லை. பக்கவாதம் வந்தவர் டிஸ்சார்ஜ் ஆன மறுநாளே எழுந்து நடப்பாரா? அந்த ஏழு நாளும் அதே காரணத்தின் தொடர்ச்சிதான். எச்சரிக்கைக் கடிதம் ஃபைலில் ஏறினால், நாளைக்கு "முன்பும் இப்படிச் செய்தவர்" என்று அதையே எடுத்துக் காட்டுவீர்கள். 21 நாளையும் ஊதியமில்லா விடுப்பாகக் கொடுங்கள்.

பழைய டைம்கீப்பர்

கொடுக்கலாம், அது நிர்வாகத்தின் விருப்பம். ஆனால் ஊரில் எல்லோர் வீட்டிலும் போன் இருக்கிறது தோழர். 25ஆம் தேதி யார் போனிலாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கடன் விஷயமாக அலைந்தேன் என்று அவரே சொல்கிறாரே.

சங்கத் தோழர்

உண்மையைச் சொன்னதற்குத் தண்டனையா? "அப்பாவைப் பார்த்துக்கொண்டேன்" என்று மட்டும் சொல்லியிருந்தால் விட்டிருப்பீர்கள்.

பள்ளி ஆசிரியை

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஐயா சொன்னபடி பழைய ஆணையைத் தேடி எடுத்தேன். "மருத்துவச் சான்றின் அடிப்படையில் காரணம் ஏற்கப்பட்டு" என்றே இருக்கிறது. விளக்கத்தோடு இணைத்து அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

ஓசூர் ஹெச்ஆர்

14 நாளுக்கு ஆணை இன்று கையெழுத்தாகிவிட்டது. ஏழு நாளுக்கு அவரிடம் விளக்கம் மட்டும் எழுதி வாங்கியிருக்கிறேன். எச்சரிக்கையா விடுப்பா என்பதைத் திங்கள்கிழமை பிளான்ட் ஹெட்டிடம் இரண்டு பேர் சொன்னதையும் வைத்துப் பேசுகிறேன். அதுவரை அந்த ஏழு நாளும் மஸ்டரில் `A` என்றே இருக்கின்றன. இனி வாட்ஸப்பில் விடுப்பு நீட்டிப்பு கேட்டால் சூப்பர்வைசர்கள் "ஹெச்ஆருக்கு அனுப்புங்கள்" என்று மட்டும் பதில் போட வேண்டும் என்று இன்று காலை நோட்டீஸ் போர்டில் ஒட்டியாயிற்று.